சில்லர் பிளான்ட்டுக்குப் பராமரிப்பு அட்டவணை: கண்டென்சர் கிளீனிங் 6 மாதத்துக்கு ஒரு முறை போதுமா?

நைட்ஷிப்ட்
திங்கள், இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஏசி பிளான்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. முன்னால் கப்பலூரில் ஒரு மில்லில் ஏர் கம்ப்ரசர் பார்த்துக்கொண்டிருந்தேன், சில்லர் எனக்குப் புதுசு. இங்கே 150 டன் வாட்டர் கூல்டு ஸ்குரூ சில்லர் இரண்டு இருக்கிறது, ஆர்134ஏ கேஸ். நம்பர் 1 எப்போதும் ஓடும், நம்பர் 2 ஸ்டாண்ட்பை, வாரத்துக்கு ஒரு நாள் சும்மா ஓட்டிப் பார்ப்போம்.

எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். தினமும் லாக் ஷீட், வாரம் ஒரு முறை டவர் பேசின் ஸ்ட்ரெய்னர், மாதம் ஒரு முறை ஏஹெச்யூ ஃபில்டர் கழுவுவது, பெல்ட் பார்ப்பது, 3 மாதத்துக்கு பேனல் டைட் பண்ணுவது, 6 மாதத்துக்கு கண்டென்சர் டியூப் கிளீனிங். அதன்படி கண்டென்சர் போன டிசம்பரில் கிளீன் பண்ணியாயிற்று, அடுத்தது ஜூன். ஆனால் இந்தக் கத்திரி வெயிலில் நம்பர் 1 ஹெட் பிரஷர் 9 பாருக்கு மேல் நிற்கிறது, ஜனவரியில் 8 தான் இருந்தது. ஏஎம்சிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு வெயில் காலம் சார், அப்படித்தான் இருக்கும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஜூன் வரை விடலாமா, இல்லை இப்போதே திறக்கணுமா? மேனேஜ்மென்ட் கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டும்.

ஜவுளிக்கடை
திங்கள், இரவு 11.58

ப்ரோ, நம்ம கடையிலும் இதே கதைதான். ஹெட் பிரஷர் ஏறினால் உள்ளே காற்று ஏறியிருக்கு என்று அர்த்தம், கேஸை எடுத்து வேக்குவம் போட்டுத் திரும்ப ஏற்றுங்கள். நீங்கள் சமீபத்தில் சிஸ்டத்தைத் திறந்தீர்களா?

நைட்ஷிப்ட்
செவ்வாய், அதிகாலை 12.10

ஆமாம் ப்ரோ, பிப்ரவரியில் ஃபில்டர் டிரையர் கோர் மாற்றினார்கள், கொஞ்சம் கேஸும் ஏற்றினார்கள். அப்படியானால் அதுதானா?

பழைய மெக்கானிக்
செவ்வாய், காலை 6.15

தம்பி, அவசரப்பட்டுக் கேஸை எடுக்காதீர்கள். ஹெட் பிரஷரை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அது நாலு காரணத்தால் ஏறும். லாக் ஷீட் இருக்கிறது என்றீர்களே, அதில் ஜனவரியில் ஒரு நாள், இப்போது ஒரு நாள், இரண்டையும் எடுங்கள். ஆனால் லோடு ஒரே அளவாக இருக்கிற நேரமாகப் பார்த்து எடுக்கணும், அதுதான் முக்கியம். காலை 6 மணி ரீடிங்கையும் மதியம் 2 மணி ரீடிங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் நாலே நம்பர் போதும்: கண்டென்சருக்குள் போகிற தண்ணி, வெளியே வருகிற தண்ணி, பேனலில் காட்டுகிற கண்டென்சிங் டெம்பரேச்சர், லோடு சதவீதம்.

அண்ணாநகர்வாசி
செவ்வாய், காலை 7.02

சார் எங்க வீட்டு 1.5 டன் ஸ்ப்ளிட் ஏசியிலும் தண்ணி சொட்டுது, கண்டென்சர் கிளீன் பண்ணினால் சரியாகுமா? மெக்கானிக் 1,800 கேட்கிறார்.

பழைய மெக்கானிக்
செவ்வாய், காலை 7.10

அது வேற தம்பி. உள்ளே இருக்கிற யூனிட்டின் டிரெயின் குழாய் அடைத்திருக்கும், ஒரு ஊது ஊதச் சொல்லுங்கள். இங்கே பெரிய பிளான்ட் பேச்சு ஓடுகிறது.

நைட்ஷிப்ட்
செவ்வாய், மதியம் 3.30

அண்ணே, எடுத்துவிட்டேன். இரண்டுமே 80 சதவீத லோடு.
ஜனவரி: உள்ளே 29.5, வெளியே 33.6, கண்டென்சிங் 35.4.
இன்று: உள்ளே 31.5, வெளியே 35.6, கண்டென்சிங் 39.9.

பழைய மெக்கானிக்
செவ்வாய், மாலை 5.45

நல்ல காரியம் செய்தீர்கள், இதில் பாதி விடை வந்துவிட்டது. பாருங்கள், கண்டென்சிங் மொத்தமாக 4.5 டிகிரி ஏறியிருக்கிறது. அதில் 2 டிகிரி தண்ணியே சூடாக வருவதால், அது வெயிலும் டவரும் சம்பந்தப்பட்டது. ஏஎம்சிக்காரர் சொன்னது அந்த 2 டிகிரிக்கு மட்டும்தான் உண்மை.

மீதி 2.5 டிகிரிக்கு வெயில் காரணமில்லை. கண்டென்சிங்கிலிருந்து வெளியே வருகிற தண்ணியைக் கழியுங்கள். ஜனவரியில் 1.8, இன்று 4.3. இதைத்தான் நாங்கள் அப்ரோச் என்போம். வெளியே மழையோ வெயிலோ, லோடு ஒன்றாக இருந்தால் இந்த நம்பர் பெரிதாக மாறக்கூடாது, மாறினால் கண்டென்சருக்குள்ளே ஏதோ நடந்திருக்கிறது.

அடுத்து, வெளியே போகிற தண்ணிக்கும் உள்ளே வருகிற தண்ணிக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு நாளும் 4.1 தான். தண்ணி ஓட்டம் குறைந்திருந்தால், பம்ப் இம்பெல்லர் தேய்ந்தோ ஸ்ட்ரெய்னர் அடைத்தோ இருந்தால், இது 6, 7 என்று ஏறியிருக்கும். ஆக பம்ப்பை விட்டுவிடலாம். மிச்சம் இருப்பது இரண்டு: டியூபுக்குள் உப்பு படிந்திருக்கலாம், அல்லது ஜவுளிக்கடை சொல்கிற மாதிரி காற்று இருக்கலாம். இந்த இரண்டும் லாக் ஷீட்டில் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஜவுளிக்கடை
செவ்வாய், மாலை 6.20

அதைத்தானே அண்ணே நானும் சொன்னேன். எங்கேயாவது லீக் இருந்து காற்றை உறிஞ்சியிருக்கும்.

பழைய மெக்கானிக்
செவ்வாய், மாலை 6.50

உறிஞ்சாது தம்பி. ஆர்134ஏ மெஷினில் ஓடுகிறபோது குளிர்ப் பக்கமே இரண்டரை பார் இருக்கும், லீக் இருந்தால் கேஸ் வெளியே போகுமே தவிர காற்று உள்ளே வராது. உறிஞ்சுவதெல்லாம் லோ பிரஷர் கேஸில் ஓடுகிற சென்ட்ரிஃபியூகல் மெஷின்களில். ஆனால் டிரையர் மாற்றியபோது வேக்குவம் சரியாகப் போடாமல் விட்டிருந்தால் காற்று இருக்க வாய்ப்பு உண்டு, அதனால் உங்கள் சந்தேகத்தைத் தள்ளிவிட முடியாது. கேஸை எடுக்காமலே பார்க்க வழி இருக்கிறது.

நைட்ஷிப்ட் தம்பி, ராத்திரி நம்பர் 2-வை ஓடவிட்டு நம்பர் 1-ஐ நிறுத்துங்கள். லிக்விட் லைன் வால்வை மூடிவிட்டு அதன் கண்டென்சரில் மட்டும் தண்ணி ஒரு மணி நேரம் ஓடட்டும், உள்ளே போகிற தண்ணியும் வெளியே வருகிற தண்ணியும் ஒரே டெம்பரேச்சருக்கு வரணும். வந்ததும் பிரஷர் கேஜைப் பாருங்கள். சுத்தமான கேஸ் என்றால் 30 டிகிரிக்கு 6.7 பார் காட்டும். அதைவிட அரை பார், ஒரு பார் கூடக் காட்டினால் காற்று. குறைவாகக் காட்டினால் கேஸ் குளிர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, வால்வு பிடிக்கவில்லை, அந்த டெஸ்ட் செல்லாது.

மண்டபத்துக்காரர்
செவ்வாய், இரவு 9.15

இதைப் படித்துவிட்டு என் மண்டபத்து சில்லரைப் போய்ப் பார்த்தேன். திருமங்கலம் ரோட்டில் 60 டன். கண்டென்சிங்குக்கும் வெளிக்காற்றுக்கும் வித்தியாசம் 14 வருகிறதே! உங்களுக்கு 4-க்கே இவ்வளவு பேச்சு, நான் தொலைந்தேனா?

பழைய மெக்கானிக்
செவ்வாய், இரவு 9.40

வெளிக்காற்று என்கிறீர்கள் என்றால் உங்களது ஏர் கூல்டு. அதில் தண்ணி கிடையாது, காற்றோடுதான் ஒப்பிடணும், பத்துக்கு மேல் பதினைந்து வரை சாதாரணம். ஆனால் நீங்களும் இன்றைக்கு எழுதி வையுங்கள், அடுத்த மாதம் அதே லோடில் 18 வந்தால் காயில் அழுக்கு. சமையல் கட்டு எக்ஸாஸ்ட் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதா? எண்ணெய்ப் புகை படிந்த காயிலை வெறும் தண்ணியில் கழுவினால் தூசி சேறாகி ஒட்டிக்கொள்ளும், காயில் கிளீனர் போட்டு ஊறவைத்துத்தான் கழுவணும்.

மண்டபத்துக்காரர்
செவ்வாய், இரவு 9.52

அட, ஆமாம் அண்ணே! சாம்பார் வாசனையே அங்கேதான் வரும்.

நைட்ஷிப்ட்
புதன், அதிகாலை 2.20

டெஸ்ட் பண்ணிவிட்டேன். தண்ணி இரண்டு பக்கமும் 30.0, கேஜ் 6.8. அப்படியானால் காற்று இல்லைதானே அண்ணே? அப்புறம் நம்பர் 2 ஓடும்போது அதன் அப்ரோச்சும் பார்த்தேன், 76 சதவீத லோடில் 2.0.

பழைய மெக்கானிக்
புதன், காலை 6.05

0.1 கேஜ் தப்பிலேயே போய்விடும். காற்று இல்லை, உப்புதான். நம்பர் 2-வும் அதே டவர் தண்ணியில்தான் ஓடுகிறது, ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும், அதனால் அது இன்னும் கெடவில்லை.

மேனேஜ்மென்ட்டுக்குச் சொல்ல ஒரு கணக்கு தருகிறேன். கண்டென்சிங் ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரசர் கரண்ட் செலவு ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் ஏறும். உங்களுக்கு வீணாகப் போவது 2.5 டிகிரி, 6 சதவீதம் என்று வைப்போம். 80 சதவீத லோடில் கம்ப்ரசர் 78 கிலோவாட் இழுக்கிறது என்றால் அதில் கிட்டத்தட்ட 5 கிலோவாட் உப்புக்குப் போகிறது. நாள் முழுக்க அதே லோடு இருக்காது, அதனால் ஒரு நாளைக்கு 100 யூனிட் என்று வைப்போம். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 24,000. இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள், ஜூன் வரை ஏன் காத்திருக்கணும் என்று அவர்களே கேட்பார்கள்.

தண்ணிடெஸ்ட்
புதன், காலை 10.30

நான் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், சில்லர் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு கேள்வி. டிசம்பரில் கிளீன் பண்ணி ஐந்தே மாதத்தில் இவ்வளவு படிந்தது என்றால் முதலில் தண்ணீரைத்தானே பார்க்கணும்? சாஃப்ட்னர் இருக்கிறதா, டவருக்கு என்ன தண்ணீர் போகிறது?

நைட்ஷிப்ட்
புதன், மதியம் 1.15

இருக்கிறது அக்கா, 200 லிட்டர் ரெசின். போர் தண்ணி சாஃப்ட்னர் வழியாகத்தான் டவருக்குப் போகும். தினமும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்து எழுதுகிறோம், சாஃப்ட்னருக்கு முன்னால் என்ன வருகிறதோ பின்னாலும் கிட்டத்தட்ட அதேதான் வருகிறது, ஒரு பிரச்சினையும் இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை உப்புப் போட்டு ரீஜெனரேஷன் பண்ணுகிறோம்.

தண்ணிடெஸ்ட்
புதன், மதியம் 1.50

தம்பி, டிடிஎஸ் மீட்டரில் சாஃப்ட்னர் வேலை செய்கிறதா என்று தெரியவே தெரியாது. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது, மொத்த உப்பு அப்படியேதான் இருக்கும். நன்றாக வேலை செய்தாலும் அதே நம்பர், செத்துப்போயிருந்தாலும் அதே நம்பர். பார்க்க வேண்டியது கடினத்தன்மை. துளித்துளியாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கிற ஹார்ட்னஸ் கிட் இருக்கிறது, விலை சில நூறு ரூபாய்தான், சிவப்பு நீலமாக மாறும். ரீஜெனரேஷன் முடிந்த உடனே ஒன்று, அடுத்த ரீஜெனரேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று, இரண்டு முறை பாருங்கள். சாஃப்ட்னருக்குள் போகிற தண்ணீரையும் பாருங்கள்.

நைட்ஷிப்ட்
வெள்ளி, இரவு 8.05

அக்கா, கிட் வாங்கிப் பார்த்துவிட்டேன். ரீஜெனரேஷன் முடிந்ததும் 5 பிபிஎம். அடுத்த ரீஜெனரேஷனுக்கு முன்னால் 540! உள்ளே போகிற தண்ணி 600. எங்கள் பழைய ரிப்போர்ட்டில் போர் தண்ணி 250 என்று இருக்கிறது. விசாரித்ததில், மார்ச்சில் போர் இறங்கியதிலிருந்து பாதிக்குப் பாதி லாரித் தண்ணி அதே தொட்டியில் விடுகிறார்களாம். ராத்திரி வருவதால் எனக்கே தெரியும், ஆனால் அது டவருக்கும் போகிறது என்று நினைக்கவில்லை.

தண்ணிடெஸ்ட்
வெள்ளி, இரவு 9.20

சரி, கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் ரெசின் நடைமுறையில் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும், உங்கள் 200 லிட்டருக்கு 10 கிலோ. 250 பிபிஎம் தண்ணீர் என்றால் 1,000 லிட்டரில் 250 கிராம், ஆக 40,000 லிட்டர் வரை தாங்கும். டவருக்கு நாளைக்கு எவ்வளவு போகிறது?

நைட்ஷிப்ட்
வெள்ளி, இரவு 9.26

மீட்டரில் 20,000 லிட்டர் வருகிறது.

தண்ணிடெஸ்ட்
வெள்ளி, இரவு 9.40

அதனால்தான் இரண்டு நாளைக்கு ஒரு முறை என்று யாரோ சரியாகவே எழுதியிருக்கிறார்கள். இப்போது 600. அதே ரெசின் 16,600 லிட்டரோடு முடிந்துவிடும், அதாவது 20 மணி நேரம். மீதி 28 மணி நேரம் கடின நீர் அப்படியே டவருக்குப் போகிறது, அங்கே ஆவியாகி இன்னும் மூன்று மடங்கு கெட்டியாகிக் கண்டென்சருக்குள் நுழைகிறது. அங்கேதான் சூடு, அங்கேதான் படியும்.

அட்டவணையில் நாள் கணக்கை அடித்துவிட்டு, 15,000 லிட்டருக்கு ஒரு ரீஜெனரேஷன் என்று மீட்டரைப் பார்த்துப் போடுங்கள். லாரி மாறுகிற அன்றெல்லாம் கிட்டில் பார்த்து அந்த 15,000-ஐத் திருத்துங்கள். வெளியே வருகிற தண்ணீர் 20 பிபிஎம் தாண்டினால் மீட்டர் என்ன சொன்னாலும் ரீஜெனரேஷன்.

ஜவுளிக்கடை
வெள்ளி, இரவு 10.10

இவ்வளவு எதற்கு? டவர் பேசினில் இரண்டு கேன் ஆசிட் ஊற்றி பம்ப்பை ஓட்டினால் ஒரே ராத்திரியில் எல்லாம் கரைந்துவிடும். நாங்கள் ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் வருஷா வருஷம் அப்படித்தான்.

பழைய மெக்கானிக்
சனி, காலை 6.00

வருஷா வருஷம் அப்படிப் பண்ணினால் ஒரு வருஷம் டவரே கீழே உட்காரும். ஜிங்க் பூசிய இரும்பு, பைப், பம்ப் இம்பெல்லர், எல்லாவற்றையும் சேர்த்துத் தின்னும். ஆசிட் விட்டே ஆகணும் என்றால் கண்டென்சரை மட்டும் இரண்டு பக்கமும் வால்வு போட்டுப் பிரித்து, தனிப் பம்ப் வைத்து, இன்ஹிபிட்டர் கலந்த சல்ஃபமிக் ஆசிட் சுற்றவிட்டு, நுரை நின்றதும் வடித்து, சோடா விட்டு நடுநிலையாக்கி, நல்ல தண்ணியில் அலசணும்.

அதற்கும் முன்னால் அது என்ன உப்பு என்று தெரியணும். கவரைத் திறந்ததும் ஒரு சில்லைச் சுரண்டி அதன்மேல் டாய்லெட் ஆசிட் ஒரு துளி விடுங்கள். பொங்கினால் கால்சியம் கார்பனேட், ஆசிட்டுக்குக் கரையும். பொங்கவில்லை என்றால் சிலிக்கா அதிகம், எவ்வளவு ஆசிட் ஊற்றினாலும் டியூப்தான் தேயும்.

மெல்லிசாக இருந்தால் பிரஷ்ஷே போதும். நைலான் பிரஷ், டியூபின் அளவுக்குச் சரியாக. இரும்புக் கம்பி பிரஷ் கூடவே கூடாது. இப்போது வருகிற டியூப் எல்லாம் உள்ளே வரி வரியாக இருக்கும், தாமிரம் வேறு. நான் வேலைக்குப் புதுசில் ஒரு இடத்தில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு எல்லாரிடமும் பாராட்டு வாங்கினேன். எட்டு மாதம் கழித்து ஒரு டியூப் ஓட்டை. ஓடுகிறவரை கேஸ் தண்ணியில் குமிழியாகப் போனது, யாருக்கும் தெரியவில்லை, கேஸ் குறைந்து மெஷின் நின்ற பிறகு தண்ணி உள்ளே வந்தது. கம்ப்ரசரைப் பிரித்தபோது ஆயில் மோர் மாதிரி இருந்தது. அதற்கு அப்புறம் நான் கம்பி பிரஷ்ஷைக் கையால் தொடுவதில்லை.

நைட்ஷிப்ட்
சனி, காலை 8.30

அண்ணே, அப்படியானால் நாளை ஞாயிறு ராத்திரி நம்பர் 1-ஐத் திறந்துவிடலாமா? ஓபிடி இல்லை, லோடு குறைவு.

பழைய மெக்கானிக்
சனி, காலை 8.45

எண்ட் கவர் கேஸ்கட் கையில் இருக்கிறதா?

நைட்ஷிப்ட்
சனி, காலை 8.50

ஸ்டோரில் கேட்டேன், இல்லை. பழையதையே போட முடியாதா?

பழைய மெக்கானிக்
சனி, காலை 9.20

முடியாது. திறக்கிறபோது பாதி கவரில் ஒட்டும், பாதி டியூப் ஷீட்டில் ஒட்டும். நடுத் தடுப்பில் கேஸ்கட் சரியாக உட்காரவில்லை என்றால் தண்ணி டியூபுக்குள் போகாமல் குறுக்கே தாண்டிவிடும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது, அப்ரோச் மட்டும் குறையாது, ஏன் என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

ஸ்பேர் விஷயத்தில் நான் இரண்டே கேள்வி கேட்பேன். இது போனால் பிளான்ட் நிற்குமா? நாளைக்குள் கையில் கிடைக்குமா? நிற்கும், கிடைக்காது என்றால் அது ஸ்டோரில் இருந்தே ஆகணும். எண்ட் கவர் கேஸ்கட் ஒரு செட், மெஷினோடு வந்த பிரஷர் சென்சரும் டெம்பரேச்சர் சென்சரும் ஒவ்வொன்று, ஃப்ளோ ஸ்விட்ச் ஒன்று, ஆயில் ஃபில்டர், டிரையர் கோர், இவையெல்லாம் சென்னையிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வரணும். பம்ப் மெக்கானிக்கல் சீல் கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி பஸ் பார்சலில் வந்துவிடும் என்று எல்லாரும் தைரியமாக இருப்பார்கள், ஆனால் ஷாஃப்ட் அளவை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள், அதனால் அதுவும் ஒன்று இருக்கட்டும். ஏஹெச்யூ பெல்ட்டும் பேரிங்கும் நம்மூர்க் கடையிலேயே கிடைக்கும், அடுக்கி வைத்தால் ரப்பர்தான் காயும். ஆனால் இரண்டு பெல்ட் ஓடுகிற இடத்தில் ஒன்று அறுந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், புதுசு தனியாக இழுத்து அதுவும் சீக்கிரம் போகும்.

கேஸ்கட் வரட்டும். அதுவரை நம்பர் 2-வை ஓட்டுங்கள், நம்பர் 1 ஓய்வெடுக்கட்டும். எப்படியும் திறப்பதற்கு முன்னால் நம்பர் 2 முழு லோடில் இரண்டு நாள் ஓடிக் காட்டணும். வாரத்துக்கு ஒரு நாள் சும்மா ஓடுகிற மெஷினை நம்பி ஐசியூ இருக்கிற கட்டடத்தில் இன்னொன்றைத் திறக்கக்கூடாது.

மண்டபத்துக்காரர்
சனி, காலை 11.00

எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆடி, மார்கழி இரண்டு மாதமும் முகூர்த்தம் கிடையாது, பெரிய வேலை எல்லாம் அப்போதுதான்.

ஜவுளிக்கடை
சனி, காலை 11.08

உங்களுக்கு ஆடி காலி, எங்களுக்கு ஆடியில் நிற்க இடமிருக்காது. அதனால்தான் நான் ஆனியிலேயே முடித்துவிடுவேன்.

பழைய மெக்கானிக்
சனி, மதியம் 12.15

ஆஸ்பத்திரிக்கு முகூர்த்தமும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், கண்டென்சர் கிளீனிங்குக்கு மாதம் எழுதாதீர்கள். 80 சதவீத லோடில் அப்ரோச் 3 தொட்டால் கேஸ்கட்டும் ஆளும் ஏற்பாடு, 3.5 தொட்டால் அந்த வாரமே திறப்பது என்று எழுதுங்கள். பாதி லோடில் பார்த்தால் அப்ரோச்சும் ஏறக்குறைய பாதிதான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. தண்ணி நல்லா இருந்தால் ஒரு வருஷம்கூட ஓடும். எப்படி ஓடினாலும் வருஷத்துக்கு ஒரு முறை திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள்.

நைட்ஷிப்ட்
அடுத்த வெள்ளி, இரவு 11.15

கேஸ்கட் புதன்கிழமை வந்தது, நேற்று ராத்திரி திறந்தோம். டியூபுக்குள் வெள்ளையாக, முட்டை ஓடு கனத்தில், முழுக்க ஒரே சீராக. டாய்லெட் ஆசிட் ஒரு துளி விட்டதும் சோடா மாதிரி பொங்கியது. பிரஷ் போட்டதில் முக்கால்வாசி வந்துவிட்டது, அடியில் கொஞ்சம் பிடிவாதமாக இருந்ததால் அண்ணன் சொன்ன மாதிரி கண்டென்சரை மட்டும் பிரித்து சல்ஃபமிக் சுற்றவிட்டோம், மூன்று மணி நேரத்தில் நுரை நின்றது. இன்று மதியம் 78 சதவீத லோடில் அப்ரோச் 1.9.

ஏஎம்சிக்காரர் வந்து எங்கள் ரிப்போர்ட்டில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

லாக் ஷீட்டில் புதுசாக இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன், அப்ரோச் ஒன்று, சாஃப்ட்னர் ஹார்ட்னஸ் ஒன்று. மதியம் 2 மணி ரீடிங்கை மட்டும் வாரத்துக்கு ஒரு புள்ளியாகக் கிராஃப் தாளில் வைக்கிறேன். ஒரு சந்தேகம் இன்னும் இருக்கிறது. ஆயில் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றணும் என்று ஏஎம்சியில் இருக்கிறது. லேபுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு மாற்றினால் போதாதா?

ஜவுளிக்கடை
அடுத்த வெள்ளி, இரவு 11.30

மாற்றிவிடுங்கள் ப்ரோ, ஆயில்தானே.

பழைய மெக்கானிக்
சனி, காலை 6.10

நான் லேப் ரிப்போர்ட் பார்ப்பேன். ஈரமும் ஆசிட் நம்பரும் நன்றாக இருந்தால் ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டு ஆயிலை விட்டுவிடுவேன். அந்த எஸ்டர் ஆயில் திறந்த டின்னில் ஒரு மணி நேரம் இருந்தாலே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தேவையில்லாமல் மாற்றி ஈரத்தை உள்ளே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மெஷின் கம்பெனியின் வாரன்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அவர்கள் எழுதியதை மீறாதீர்கள். இதில் என்னோடு சண்டை போடுகிற நல்ல மெக்கானிக்குகள் நிறையப் பேர் உண்டு.

தண்ணிடெஸ்ட்
சனி, காலை 9.45

தம்பி, இப்போது டவருக்கு முழுக்க மென்னீர்தானே போகிறது? அது நீண்ட நாள் ஓடினால் ஜிங்க் பூச்சில் வெள்ளையாகத் துரு கிளம்புவது உண்டு, கொஞ்சம் கடின நீர் கலந்துவிடணும் என்கிறவர்களும் இருக்கிறார்கள், கெமிக்கல் போட்டால் போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் டவர் ஃபைபரா இரும்பா?

நைட்ஷிப்ட்
சனி, காலை 10.20

உடம்பு ஃபைபர் அக்கா, ஆனால் தாங்குகிற சட்டமும் ஏணியும் ஜிங்க் இரும்பு. போய்ப் பார்த்தேன், ஏணியின் கீழ்ப்படியில் லேசாக வெள்ளை இருக்கிறது. அது இந்த வாரம் வந்ததா, ஏற்கெனவே இருந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை.

தண்ணிடெஸ்ட்
சனி, காலை 10.32

போட்டோ எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். திங்கட்கிழமை டவர் தண்ணீர் ஒரு லிட்டர் கொண்டுவாருங்கள், பிஹெச் பார்ப்போம். பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டுப் பிடியுங்கள்.